விளையாட்டு நீதிமன்றத்தில் பாதியில் நின்ற மூன்றாவது வழக்கு

பின்னணி

மாங்குளத்துக்கு அருகே, ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் ஒழுங்கையில் இருக்கிறது அந்த வீடு. டிசம்பர் விடுமுறையில் அங்கே 14 பேர் கூடியிருந்தோம். எல்லோரும் ஒரே பாடசாலையில் உயர்தரம் படித்தவர்கள். இப்போது முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருப்பவர்கள். ஆசிரியை, வங்கி ஊழியர், கட்டட மேற்பார்வையாளர், விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்பவர், சொந்தமாக வயல் செய்பவர் என்று ஆளுக்கொரு தொழில். நான் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன்.

மாரி மழை விடவில்லை. குளத்துக்குப் போய்க் குளித்து, வெளியே அடுப்பு மூட்டிச் சமைப்பது என்றிருந்த திட்டம் நின்றுபோனது. காலையிலேயே மின்சாரமும் போய்விட்டது. மாலை ஆறு மணிபோல அது திரும்பி வந்தபோது, 14 கைத்தொலைபேசிகளுக்கும் சேர்த்து நான்கு துளைகள் உள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் பலகைதான் இருந்தது. யார் முதலில் சொருகுவது என்று தொடங்கிய பேச்சு, யாருடைய சார்ஜர் யாரிடம் இருக்கிறது என்ற பேச்சாக மாறியது. ஒருவர்மேல் ஒருவர் சில்லறைக் குற்றஞ்சாட்டி, நீதிபதி, ஜூரி என்று நடித்து வழக்காடும் விளையாட்டு நீதிமன்றம் நடத்துவோம் என்ற யோசனை அந்தப் பேச்சிலிருந்துதான் வந்தது.

அன்று மூன்று வழக்குகள் எடுக்கப்பட்டன. முதலாவது மிக நன்றாக நடந்தது. இரண்டாவது ஓரளவுக்கு நடந்தது. மூன்றாவது வழக்கில் ஒரு நண்பர் உண்மையிலேயே புண்பட்டார். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஆட்களில் வேறுபாடில்லை, விதிகளிலும் வேறுபாடில்லை. குற்றச்சாட்டின் தன்மை ஒன்றுதான் வேறு. கூட்டங்களில் இந்த விளையாட்டை நடத்த நினைப்பவர்கள் அந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதைப் பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்ட பின்னரே எழுதுகிறேன்.

மன்றம் அமைத்த விதம்

எங்களில் 14 பேர் இருந்தது வசதியாகப் போயிற்று. இலங்கையில் மேல் நீதிமன்றத்தில் ஜூரி முன்னிலையில் வழக்கு நடந்தால் ஜூரி சபையில் ஏழு பேர் இருப்பார்கள். தீர்ப்பு ஏகமனதாக இருக்க வேண்டும், அல்லது குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை வேண்டும். அதையே எடுத்துக்கொண்டோம். ஏழு ஜூரர்கள், ஒரு நீதிபதி, ஒரு பதிவாளர், அரச சட்டத்தரணி, எதிரித்தரப்புச் சட்டத்தரணி, குற்றஞ்சாட்டப்பட்டவர், இரண்டு சாட்சிகள் என்று கணக்குச் சரியாக வந்தது. வேடிக்கை பார்க்க மட்டும் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. இது முக்கியம். பார்வையாளர்களாக ஒரு கூட்டம் ஒதுங்கியிருந்தால் குற்றஞ்சாட்டப்பட்டவர் காட்சிப்பொருளாகிவிடுவார். ஏழு பேர் முடிவு எடுக்கக் காத்திருந்தால் அவர் அவர்களை வெல்லப் பார்ப்பார்.

ஆசிரியை நீதிபதியானார். பதிவாளர் பொறுப்பு எனக்கு வந்தது. எல்லோரும் சிறு தாள்களில் குற்றச்சாட்டுகளை எழுதி ஒரு செம்புக்குள் போட்டார்கள். எடுத்த தாளைக் குற்றப்பத்திரமாகத் திருத்தி எழுதி வாசிப்பது என் வேலை. நேரக்கட்டுப்பாடும் வைத்தோம். இரு தரப்புக்கும் தொடக்க உரைக்கு இரண்டு நிமிடம், சாட்சி ஒருவரிடம் ஐந்து கேள்விக்கு மேல் இல்லை, ஜூரி சபை கூடிப் பேச மூன்று நிமிடம். ஒரு வழக்கு கால் மணி நேரத்தைத் தாண்டினால் சிரிப்பு வற்றிவிடும் என்பது நீதிபதியின் கணிப்பு. அது சரியாகவே இருந்தது.

வீட்டுக்காரர் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை போட்டார். பொலிஸ் பாத்திரம் வேண்டாம், ஒருவரையும் கட்டுவதோ முழந்தாளில் நிறுத்துவதோ தனியறையில் வைப்பதோ வேண்டாம் என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. 2009இல் எங்களுக்குப் பதினான்கு, பதினைந்து வயது. அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, வெளியே வந்தவர்கள். சிலருடைய அண்ணன்மார் விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்டவர்கள். அவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை.

முதல் வழக்கு: பச்சை நூல் சார்ஜர்

செம்பிலிருந்து வந்த முதல் தாளில் "என் சார்ஜர்!" என்று மட்டுமே எழுதியிருந்தது. எழுதியவரிடம் விபரம் கேட்டு நான் வாசித்த குற்றப்பத்திரம் இது:

"கடந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், இதே வீட்டில், இன்னாருக்குச் சொந்தமானதும் வயரின் கழுத்தில் பச்சை நூல் சுற்றப்பட்டதுமான வெள்ளைச் சார்ஜர் ஒன்றை எடுத்துச் சென்று, எட்டு மாதங்கள் தன்னுடையதைப்போலப் பாவித்து, இன்று மாலை அதையே கொண்டுவந்து, உரிமையாளரின் கண்முன்னாலேயே, உரிமையாளரின் தொலைபேசியைக் கழற்றிவிட்டுச் சொருகியமை."

கடைசி வரியை வாசித்து முடிக்குமுன்பே குற்றஞ்சாட்டப்பட்ட கட்டட மேற்பார்வையாளர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். செய்ததை அவர் மறுக்கவில்லை. சார்ஜர் சுவரோரத்தில் பச்சை நூலோடு தொங்கிக்கொண்டிருக்கையில் எப்படி மறுப்பது? ஆனாலும் "நான் சுற்றவாளி" என்றார். வழக்கு அந்த இடத்தில்தான் உயிர் பெற்றது.

எதிரித்தரப்புக்கு நின்றவர் விவசாயத் திணைக்களக்காரர். அவர் என்னிடம் தனியாக வந்து சட்டத்தில் ஏதாவது பிடி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 366ஆம் பிரிவு திருட்டுக்கு வரைவிலக்கணம் தருகிறது. நேர்மையற்ற எண்ணத்தோடு, மற்றவரின் சம்மதமின்றி, அவருடைய உடைமையிலிருந்து ஒரு பொருளை எடுக்க நகர்த்துவதே திருட்டு. அந்தப் பிரிவின் கீழ் வரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, நண்பனின் நூலகத்துக்குள் அவன் இல்லாத நேரம் போய், வாசித்துவிட்டுத் திருப்பித் தரும் எண்ணத்தோடு புத்தகம் ஒன்றை எடுத்தவனைப் பற்றியது. நட்பின் காரணமாகச் சம்மதம் இருக்கிறது என்று அவன் நம்பியிருந்தால் அது திருட்டாகாது.

"கௌரவ நீதிபதி அவர்களே, நண்பனின் புத்தகத்தை எடுப்பது திருட்டில்லை என்றால், நண்பனின் சார்ஜரை எடுப்பது எப்படித் திருட்டாகும்?" என்று அவர் கேட்டபோது ஜூரர்கள் இருவர் கைதட்டினார்கள். அரச சட்டத்தரணியாக நின்ற வங்கி ஊழியர் விடவில்லை. "எட்டு மாதமாக ஒரு புத்தகத்தை வாசிப்பவர் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார் போலிருக்கிறது" என்றார்.

உரிமையாளரைக் குறுக்கு விசாரணை செய்த விதம் இன்னும் நன்றாக இருந்தது.

"இது உங்களுடைய சார்ஜர்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

"பச்சை நூல் நான் சுற்றியது."

"ஏன் சுற்றினீர்கள்?"

"மற்றவற்றோடு மாறிவிடாமல் இருக்க."

"மற்றவை என்றால்? அப்போது உங்களிடம் எத்தனை சார்ஜர்கள் இருந்தன?"

சாட்சி நீதிபதியைப் பார்த்தார். "பதில் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

"மூன்று."

"மூன்றும் நீங்கள் வாங்கியவையா?"

அதற்கு அவர் பதில் சொல்லவே இல்லை. ஜூரர்களில் ஒருவர் இருக்கையை விட்டு எழுந்து, "அதில் ஒன்று என்னுடையது" என்று கத்தினார்.

ஜூரி சபை விறாந்தைக்குப் போய் மூன்று நிமிடத்தில் திரும்பியது. ஐந்துக்கு இரண்டு, குற்றவாளி. அன்றிரவு 14 தொலைபேசிகளையும் முறைவைத்துச் சொருகிக் கழற்றி, விடியும்போது எல்லாவற்றையும் நிறைந்த மின்கலத்தோடு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிபதி தண்டனை விதித்தார். குற்றத்தோடு ஒட்டிய தண்டனை, அதில் மற்றவர்களுக்கும் பயன் உண்டு, செய்பவருக்குத் தலைகுனிவில்லை. நான் கண்ட அளவில், பாட்டுப் பாடு, ஆடு என்று விதிக்கும் தண்டனைகளைவிட இப்படிப்பட்டவையே நன்றாக எடுபடுகின்றன. கூச்சமுள்ளவரை ஆடச் சொன்னால் அவருக்கு அது உண்மையான தண்டனையாகிவிடும்.

இரண்டாவது வழக்கு

கோழிக்குழம்புச் சட்டிக்குள் அகப்பையைவிட்டுத் துழாவிக் கால் துண்டுகளை மட்டும் எடுத்தது குற்றச்சாட்டு. வாக்குகள் நான்குக்கு மூன்று என்று பிரிந்தன. ஐந்துக்கு இரண்டு கிடைக்காததால் ஜூரி சபை கலைக்கப்பட்டது, மறுவிசாரணை சித்திரைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. இதைப்பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது வழக்கு: என்ன நடந்தது

அடுத்த தாளை எடுக்கச் செம்புக்குள் கைவிட்டபோது நண்பர் ஒருவர் தடுத்தார். பிற்பகலிலிருந்து தன்னுடைய பவர் பேங்கைக் காணவில்லை என்றும், அதையே வழக்காகப் போடுவோம் என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பவர் பேங்க் புதிதாக வாங்கியது. யாரைக் குற்றஞ்சாட்டுவது என்று கேட்டபோது ஒரு குரல், "பிற்பகல் முழுவதும் உள்ளறையில் தனியாகப் படுத்திருந்தது இவன்தானே" என்றது. அவரும் சிரித்தபடி எழுந்து எதிரிக்கூண்டு என்று நாங்கள் வைத்திருந்த நாற்காலியில் போய் அமர்ந்தார்.

அவரைப்பற்றி இரண்டு விடயங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. வெளிநாடு போக எடுத்த முயற்சி பிழைத்துப்போய், முகவரிடம் கொடுத்த பணம் திரும்பாமல், சில மாதங்களாக வேலையின்றி இருந்தார். அங்கே இருந்தவர்களில் மூன்று பேரிடமாவது கடன்பட்டிருந்தார். அன்றிரவு ஒருவரும் இதைப்பற்றி வாய்திறக்கவில்லை. ஆனால் அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அரச சட்டத்தரணி முதல் வழக்கில் இருந்த அதே உற்சாகத்தோடு தொடங்கினார். பிற்பகல் நான்கு மணிக்கு எங்கே இருந்தீர்கள்? யார் கண்டார்கள்? அறைக்குள் வேறு யார் வந்தார்கள்? முதல் இரண்டு பதில்களும் நகைச்சுவையாகவே வந்தன. "கனவில் கனடாவில் இருந்தேன்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பதில்கள் குறுகத் தொடங்கின. "அறையில்." "ஒருவருமில்லை." "தெரியாது." அதுவரை ஜூரர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது பவர் பேங்க் தொலைத்தவரை மட்டும் பார்த்துப் பேசினார். கைகள் இரண்டையும் முழங்கால்மேல் வைத்திருந்தார்.

ஜூரர்களிடமும் மாற்றம் தெரிந்தது. முதல் வழக்கில் அவர்கள் கேட்டது எல்லாம் குறும்புக் கேள்விகள். இப்போது ஒருவர், "மின்சாரம் வந்த நேரம் நீ அறையிலிருந்து எந்தக் கதவால் வெளியே வந்தாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் சிரிப்புக்கு இடமே இல்லை. அவர் உண்மையிலேயே அறிய விரும்பினார்.

அதன்பின் அரச சட்டத்தரணி சொன்ன வாக்கியம்: "கௌரவ நீதிபதி அவர்களே, இவருடைய பையைத் திறந்து காட்டும்படி கட்டளையிட வேண்டும்."

வன்னியில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்குப் பையைத் திறப்பது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. 2015இல் மூடப்படும்வரை ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்று, உடுப்புகளை மேசைமேல் எடுத்துவைத்துக் காட்டி, மீண்டும் அடுக்கிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். சொன்னவரும் அப்படி நின்றவர்தான். அவர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை, தொலைக்காட்சி நாடகத்தில் வரும் வசனமாகத்தான் அது அவர் வாயில் வந்தது. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவர் எழுந்துபோய்ப் பையைக் கொண்டுவந்து, சிப்பைத் திறந்து, சாரத்தையும் துவாயையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைக்கத் தொடங்கினார். ஒருவரும் பேசவில்லை. பற்பசைப் பெட்டியைக்கூட எடுத்துவைத்தார்.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

நீதிபதி மேசையைத் தட்டினார். "சட்டமா அதிபர் இந்த வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று மன்றுக்கு அறிவித்திருக்கிறார். வழக்கு மீளப்பெறப்படுகிறது. மன்றம் தேநீருக்காக ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். நல்ல குரலில், பாத்திரத்துக்குள் நின்றபடியே சொன்னார். வீட்டுக்காரர் உடனே குசினிக்குப் போனார். நான் தரையில் இருந்தவற்றைப் பைக்குள் வைக்க உதவினேன். அவர் நன்றி சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை.

ஏன் வெளிப்படையாக விளையாட்டை நிறுத்தவில்லை என்று நீதிபதியிடம் பின்னர் கேட்டேன். "இது சரியில்லை, நிறுத்துவோம்" என்று சொல்லியிருந்தால், இங்கே உண்மையான சந்தேகம் ஒன்று இருக்கிறது என்று தானே அறிவித்ததாகிவிடும் என்றார். விளையாட்டுக்குள்ளேயே ஒரு வழியைத் தேடினால் அவருக்கும் அது விளையாட்டாகவே முடியும் என்று நினைத்திருக்கிறார். பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்தச் சில விநாடிகளில் அதைவிடச் சிறந்த எண்ணம் எவருக்கும் வந்திருக்காது என்றே சொல்வேன். விளையாட்டுக்குள் நின்றபடி நிறுத்துவது என்ற முடிவு சரி. தேர்ந்த வழியில்தான் குறை இருந்தது. அதை எங்களுக்குச் சொன்னவர் குற்றஞ்சாட்டப்பட்டவரே.

பின்விளைவு

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் அவர் என்னிடம் கேட்டார்: "நீ சட்டம் தெரிந்தவன், சொல். வழக்கை மீளப்பெற்றால் நான் சுற்றவாளி என்று அர்த்தமா?"

இல்லை. சட்டமா அதிபர் வழக்கைக் கைவிட்டால் விசாரணை நிற்கிறது, அவ்வளவுதான். குற்றம் செய்தாரா இல்லையா என்பதைப்பற்றி எவரும் எதையும் சொன்னதாகாது. நான் சொல்லாமலே அது அவருக்கு விளங்கியிருந்தது. "அப்படியென்றால் நான் எடுக்கவில்லை என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை" என்றார்.

விடிந்ததும், தண்டனைப்படி தொலைபேசிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்த கட்டட மேற்பார்வையாளர்தான் பவர் பேங்கைக் கண்டுபிடித்தார். வீட்டுக்காரரின் வானில், சாரதிப் பக்கத்துக் கதவின் அறைக்குள் அது கிடந்தது. மின்சாரம் இல்லாத நேரம் வானில் சொருகிவிட்டு அதன் உரிமையாளரே மறந்திருக்கிறார். கண்டுபிடித்தவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவர் முதல் பஸ்ஸில் போய்விட்டிருந்தார். அம்மாவுக்குச் சுகமில்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பவர் பேங்கின் படத்தைப் போட்டுக் கைகூப்பும் குறிகளை அனுப்பினார்கள். அவர் ஒன்றுக்கும் பதிலளிக்கவில்லை. பொருள் கிடைத்துவிட்டது, இனி எல்லாம் சரி என்று சிலர் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கிடைக்காமல் போயிருந்தால் அவரை என்னவென்று நினைத்திருப்பார்கள் என்ற கேள்வியைத்தான் அவர் பஸ்ஸில் கொண்டுபோயிருந்தார். பொருள் கிடைத்தது அதற்குப் பதிலாகாது. ஏறக்குறைய இரண்டு கிழமைக்குப் பிறகு, பவர் பேங்க் உரிமையாளரும் அரச சட்டத்தரணியாக நின்ற வங்கி ஊழியரும் ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு நேரே போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பொங்கலுக்கு வருவதாக அவர் சொன்னதாக மட்டும் அறிந்தேன்.

எங்கே பிசகியது

சார்ஜர் வழக்கில், நடந்தது என்ன என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எடுத்தவர் எடுத்ததை மறுக்கவில்லை, பொருள் கண்முன்னே தொங்கிக்கொண்டிருந்தது. மன்றம் தேடியது உண்மை அல்ல, ஒரு நல்ல சாட்டு. எட்டு மாதம் வைத்திருந்ததற்கு என்ன நியாயம் கற்பிக்கப்போகிறார் என்பதுதான் ஏழு பேரும் காத்திருந்த விடயம். எவ்வளவு மோசமான சாட்டோ அவ்வளவுக்கு அவர் வெற்றி பெறுகிறார். தோற்றாலும் கிடைப்பது ஓரிரவு வேலை.

பவர் பேங்க் வழக்கில், நடந்தது என்ன என்பதே ஒருவருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு கேள்வியும் உண்மையைத் தேடும் கேள்வியாக மாறியே தீரும். அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர் நகைச்சுவையாகப் பதில் சொன்னால் மழுப்புகிறார் என்று ஆகிறது. நேராகப் பதில் சொன்னால் விளையாட்டு முடிந்துவிடுகிறது. அவருக்கு விளையாட வழியே இருக்கவில்லை. அவருடைய பணக்கஷ்டம் அதைக் கூர்மையாக்கியது, பையைத் திறக்கும் கட்டளை அதை உடைத்தது. ஆனால் வசதியான ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும், பை திறக்கப்படாமல் இருந்திருந்தாலும், வழக்கு நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

செம்பைத் தாண்டி வந்த குற்றச்சாட்டு என்பதும் கவனிக்க வேண்டியது. எழுதிப் போட்ட தாள்களைப் பின்னர் பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலாவது காணாமற்போன பொருள் எதுவும் இல்லை. குளித்துவிட்டு வாளியைக் கவிழ்க்காதது, குழுவில் காலை வணக்கப் படங்களை அனுப்புவது போன்றவைதான் இருந்தன. எழுதும்போது ஆட்கள் தாமாகவே நிதானித்திருக்கிறார்கள். வாய்வழி வந்ததற்கு அந்த நிதானம் இல்லை.

மாற்றியவை

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை அதே வீட்டில் மீண்டும் கூடினோம். நீதிபதியும் நானும் முன்கூட்டியே பேசிச் சில மாற்றங்கள் செய்திருந்தோம். குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றப்பத்திரத்தை முதலில் வாசித்து, "நடந்தது உண்மை" என்று அடியில் கையொப்பமிட்டால்தான் வழக்கு எடுக்கப்படும். நடந்ததை ஒப்புக்கொண்ட பின், அது குற்றமா இல்லையா என்பது மட்டுமே வாதம். இன்னும் கிடைக்காத பொருள் எதுவும் வழக்காகாது. எங்கே இருந்தாய், யார் கண்டது என்ற வகைக் கேள்விகளைச் சட்டத்தரணிகள் கேட்கக்கூடாது, ஏன் செய்தாய் என்று எத்தனை தடவையும் கேட்கலாம். குற்றஞ்சாட்டப்படும் நாற்காலியில் உட்கார விரும்பாதவர் காரணம் சொல்லத் தேவையில்லை.

வழக்கை நிறுத்தும் வழியையும் மாற்றினோம். ஜூரி விசாரணையில் குற்றத்தை நிறுவச் சாட்சியமே இல்லை என்று நீதிபதி கருதினால், சுற்றவாளி என்று தீர்ப்பளிக்கும்படி அவர் ஜூரி சபையைப் பணிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. வாக்கெடுப்பு இல்லை, விறாந்தைக்குப் போவதில்லை. ஜூரித் தலைவர் எழுந்து "சுற்றவாளி" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மீளப்பெறுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது. அன்று டிசம்பரில் ஏழு பேர் சார்பில் அந்தச் சொல் வந்திருந்தால், அவர் விறாந்தையில் என்னிடம் கேட்ட கேள்விக்கு வேறு பதில் இருந்திருக்கும். சாதாரணமாக வாக்குக்கு விட்டிருந்தாலோ, ஒரு கை எதிராக உயர்ந்திருந்தாலும் அது காலத்துக்கும் நினைவில் நின்றிருக்கும்.

இந்த மாற்றங்களால் ஒரு நட்டமும் உண்டு. நடந்ததை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் சாட்சிகளுக்கு வேலை குறைகிறது. பச்சை நூலில் பிடித்து மூன்று சார்ஜர்களை வெளியே கொண்டுவந்தது போன்ற குறுக்கு விசாரணை அரிதாகிவிடுகிறது. பொங்கல் வழக்கில் அது தெரிந்தது. கிளிநொச்சியில் இருக்கும் நண்பர் ஒருவர், கிணற்றடியில் குளித்துக்கொண்டே "முறிகண்டி தாண்டிவிட்டேன்" என்று தொலைபேசியில் சொன்னது குற்றச்சாட்டு. பின்னணியில் வாளி விழுந்த சத்தத்தைக் கேட்டவர் சாட்சி. ஆனால் நண்பர் ஏற்கெனவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டிருந்ததால், வாளிச் சத்தத்தால் ஒரு பயனும் இருக்கவில்லை. எதிரித்தரப்பு, பயணிகள் நின்று கும்பிட்டுக் கச்சான் வாங்கும் முறிகண்டிப் பிள்ளையாரை அவர் மனதால் தாண்டிவிட்டார், உடல்தான் பிந்தியது என்று வாதிட்டது. அதற்கு அரச சட்டத்தரணி, "மனதால் தாண்டியவர் மனதால் கச்சானும் வாங்கியிருப்பார், அதை மன்றில் காட்டட்டும்" என்று கேட்ட ஒரு கேள்விதான் வழக்கைக் காப்பாற்றியது. ஏகமனதாகக் குற்றவாளி. அடுத்த கூட்டத்துக்கு எல்லோருக்கும் முறிகண்டிக் கச்சான் வாங்கி வர வேண்டும் என்பது தண்டனை.

சாட்சிகளின் பங்கை எப்படி மீட்பது என்பதற்கு எங்களிடம் இன்னும் முழுமையான வழி இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரின் குணநலத்துக்குச் சாட்சி சொல்ல ஒருவரை நிறுத்திப் பார்க்க நினைத்திருக்கிறோம். அவரைப் புகழ்ந்து காப்பாற்ற வந்தவர், குறுக்கு விசாரணையில் பழைய கதைகளை எல்லாம் உளறிக் கொட்டக்கூடும். ஆனால் அந்தப் பழைய கதைகள் கையொப்பத்துக்குள் அடங்காதவை. எந்தக் கதை வெளியே வரலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழக்கின் நண்பர் பொங்கலுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நேரம் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் முடிந்ததும் சட்டத்தரணிகளை ஈவிரக்கமின்றி நிறுத்தினார். சித்திரைக்குத் தன்னை எதிரித்தரப்புச் சட்டத்தரணியாகப் போடும்படி போகும்போது கேட்டார். கோழிக்கால் வழக்கின் மறுவிசாரணை அப்போதுதான். அந்த வழக்கை அவருக்கே கொடுத்திருக்கிறோம்.